நூற்று எழுபத்தோரு ஷிப்டுகளும் ஒரு பணிப்பட்டியலும்: மருத்துவமனை வார்டு ஒன்றின் மிகைநேரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கே ஆராயப்படும் வார்டு, சுழற்சி முறையில் இயங்கும் பல வார்டுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளைச் சேர்த்து அமைத்த ஒன்று. எண்களைப் பின்தொடர எளிதாக இருக்கும்படி அவை முழு எண்களாக வைக்கப்பட்டுள்ளன. வார்டில் காலை ஷிப்டுக்கு 5 செவிலியர், மாலைக்கு 4, இரவுக்கு 3 என ஒரு நாளைக்கு 12 பேர் பணியில் இருக்க வேண்டும். காலை 7 முதல் பிற்பகல் 3 வரை, 3 முதல் இரவு 11 வரை, 11 முதல் மறுநாள் காலை 7 வரை என மூன்று எட்டு மணி நேர ஷிப்டுகள் உண்டு. ஒருவருக்கு வாரத்தில் 5 ஷிப்டுகள், அதாவது 40 மணி நேரம். நியமிக்கப்பட்டிருந்தவர்கள் 17 பேர்.

புகார் வந்தது ஆள் பற்றாக்குறை என்ற பெயரில் அல்ல. பணிப்பட்டியல் தயாரிக்கும் பொறுப்புச் செவிலியர் பாரபட்சம் காட்டுகிறார், சிலருக்கே ஓவர்டைம் போய்ச் சேருகிறது, வேறு சிலருக்கு இரவுப்பணியும் ‘டபுள் டூட்டி’யும் மட்டுமே மிஞ்சுகின்றன என்பதுதான் எழுதிக் கொடுக்கப்பட்ட குறை. பன்னிரண்டு வாரப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது புகாரின் வெளித்தோற்றம் சரியாகவே இருந்தது: அந்தக் காலத்தில் நடந்த 171 மிகைநேர ஷிப்டுகளில் 96 ஷிப்டுகளை ஐந்து பேரே பார்த்திருந்தார்கள். அந்த ஐவரும் சராசரியாக வாரத்துக்கு ஏறத்தாழ 53 மணி நேரம் வேலை செய்திருந்தார்கள். ஆனால் யார் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. பெருந்தொற்றோ விபத்தோ எதுவும் இல்லாத பன்னிரண்டு வாரங்களில் 171 ஷிப்டுகள் எப்படிக் காலியாக இருந்தன?

விடுப்பைக் கணக்கில் கொள்ளாத ஆள்கணக்கு

நிர்வாகத்தின் கணக்கு இப்படி இருந்தது. நாளைக்கு 12 ஷிப்டு என்றால் வாரத்துக்கு 84. ஒருவர் வாரத்துக்கு 5 ஷிப்டு பார்ப்பார். 84-ஐ 5-ஆல் வகுத்தால் 16.8. ஆகவே 17 பேர் போதும், ஒரு ஷிப்டு உபரியாகக்கூட இருக்கிறது. தாளில் இதில் பிழை தெரியாது. பிழை, 17 பேரும் ஆண்டின் 52 வாரங்களும் விடுப்பே எடுக்காமல், ஒரு நாள்கூட நோயுறாமல், ஒரு பயிற்சிக்கும் போகாமல் வேலைக்கு வருவார்கள் என்று அது சொல்லாமலே எடுத்துக்கொள்வதில் இருக்கிறது.

ஒருவருக்கு ஊதியம் வழங்கப்படும் வேலை நாட்கள் ஆண்டுக்கு 260. அந்த வார்டில் ஈட்டுவிடுப்பு 25 நாள், பொது விடுமுறைக்கு ஈடான நாட்கள் 10, நோய்விடுப்பு சராசரியாக 8, பயிற்சி 3. மொத்தம் 46 நாட்கள் கழிந்தால், ஒருவர் உண்மையில் வார்டில் நிற்கும் நாட்கள் 214 மட்டுமே. ஆண்டுக்குத் தேவைப்படும் ஷிப்டுகளோ 12 பெருக்கல் 365, அதாவது 4,380. பதினேழு பேரால் தரக்கூடியது 3,638. மீதமுள்ள 742 ஷிப்டுகள், வாரத்துக்கு 14-க்குச் சற்று மேல், எந்தத் தவறும் நடக்காத ஆண்டிலும் யாராவது ஒருவர் தலையில் விழுந்தே தீரும். பன்னிரண்டு வாரங்களுக்கு அது 171. பதிவேட்டில் இருந்த எண்ணும் இதுதான்.

ஆகவே பொறுப்புச் செவிலியர் பங்கிட்டுக்கொண்டிருந்தது எதிர்பாராத வேலையை அல்ல. நியமனத்தின்போதே உருவாக்கி வைக்கப்பட்ட பற்றாக்குறையைத்தான் அவர் தினமும் தொலைபேசியில் பங்கிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்டிலோ தொழிற்கூடத்திலோ மிகைநேரம் எப்போதாவது எழும் நெருக்கடியா, கட்டமைப்பிலேயே உள்ளதா என்பதைக் கண்டுகொள்ள, அதை வாரவாரியாக ஒரு வரிசையில் எழுதிப் பார்த்தால் போதும். நெருக்கடியால் வரும் மிகைநேரம் சில வாரங்களில் உயர்ந்து, பல வாரங்களில் பூச்சியத்தைத் தொடும். இந்த வார்டில் மிகக் குறைந்த வாரத்திலும் அது ஒன்பது ஷிப்டுகளுக்குக் கீழே இறங்கவில்லை.

நிறுத்தாமல் ஓடும் தொழிற்சாலைகளிலும் இதே கணக்கு வேறு உருவத்தில் வருகிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். நான்கு குழுக்கள் மாறி மாறிப் பார்த்தால் ஒருவருக்கு 42 மணி நேரம் வரும். 40 மணி நேர வாரத்தில் 2 மணி நேர மிகைநேரம் அப்போதே பட்டியலுக்குள் புகுந்துவிடுகிறது, விடுப்பு இன்னும் கணக்கில் வரவில்லை. மேலே சொன்ன விடுப்பு அளவையே எடுத்துக்கொண்டால் ஐந்து குழுக்களுக்குச் சற்று மேல் தேவைப்படும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1919-ஆம் ஆண்டின் முதல் உடன்படிக்கை, நாளைக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பொதுவிதி வகுத்துவிட்டு, இடைநிறுத்த இயலாத தொழில்களுக்கு மட்டும் சராசரி 56 மணி நேரம் வரை விலக்கு அளித்தது. 56 என்பது 168-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது மூன்றே குழுக்களைக் கொண்டு ஆலையை ஓட்டினால் வரும் எண். இன்றும் மூன்று குழுக்களோடு தொடர்ந்து ஓடும் ஆலைகளில் ஓவர்டைம் ஏன் குறையவில்லை என்று கேட்பவர்கள் முதலில் இந்த வகுத்தலைச் செய்து பார்க்க வேண்டும்.

மிகைநேர விகிதம் ஏன் பற்றாக்குறையைத் தொடரச் செய்கிறது

கூடுதல் ஆட்களை நியமிக்காமல் ஓவர்டைம் கொடுத்தே ஏன் சமாளிக்கிறார்கள் என்பதற்கான விடையும் அதே எண்களில் இருக்கிறது. நிரந்தரப் பணியாளருக்கு 260 நாட்களுக்கு ஊதியம் கொடுத்து 214 நாட்கள் வேலை பெறுகிறோம். ஆகவே அவர் வேலை செய்யும் ஒவ்வொரு ஷிப்டின் அடக்கவிலை, ஒரு நாள் ஊதியத்தின் 1.21 மடங்கு. காப்பீடு, பயிற்சி, சீருடை போன்றவற்றைச் சேர்த்தால் இன்னும் கூடும். மிகைநேரத்துக்கு 1919 உடன்படிக்கை வைத்த குறைந்தபட்ச விகிதம் 1.25 மடங்கு. இந்த இரண்டு எண்களும் அருகருகே நிற்பதைக் கவனிக்க வேண்டும். 1.25 மடங்கில் ஓவர்டைம் கொடுப்பது, புதியவரை நியமிப்பதைவிட நிறுவனத்துக்கு அநேகமாகச் செலவு கூடியதல்ல. 1.5 மடங்கானால் நியமனம் மலிவாகத் தொடங்குகிறது, இரண்டு மடங்கில் ஐயமே இல்லை. மிகைநேரத்துக்குக் கூடுதல் விகிதம் வைத்ததன் நோக்கம் களைத்த உடலுக்கு இழப்பீடு தருவது மட்டுமன்று. பட்டியல் போடுபவரின் கையைத் தடுப்பதும்தான். அந்தத் தடுப்பு வேலை செய்ய, விகிதம் 1.21-ஐத் தெளிவாகத் தாண்ட வேண்டும்.

இந்த வார்டில் விதிப்புத்தகத்தின்படி விகிதம் 1.5. ஆனால் அது எந்த ஊதியத்தின் 1.5 மடங்கு என்ற கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. ஊதியச் சீட்டை வரிவரியாகப் பார்த்தபோது அடிப்படை ஊதியம் மொத்தத்தில் 60 விழுக்காடாகவும், மீதி பலவகைப் படிகளாகவும் இருந்தது. மிகைநேரம் அடிப்படை ஊதியத்தின் மீது மட்டும் கணக்கிடப்பட்டது. 0.6-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 0.9. மிகைநேரத்தில் செய்த ஒரு மணி நேரத்துக்கு, வழக்கமான ஒரு மணி நேரத்தைவிடக் குறைவாகவே அவர்கள் பெற்றுவந்தார்கள். நியமனக் கோப்பு மூன்று ஆண்டுகளாக ஏன் நகரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணத்தை நான் தேட மாட்டேன். ஓவர்டைம் விதி எதைப் படித்தாலும் மடங்கு எத்தனை என்பதோடு நிறுத்தாமல், அது எதன் மடங்கு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டு கட்டங்களுக்கு இடையிலான கோடு

அடுத்து பணிப்பட்டியலையே எடுத்துக்கொள்வோம். சுவரில் ஒட்டப்பட்டிருந்த தாளில் பெயருக்கு நேரே ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் கா, மா, இ, ஓ என்று எழுத்துகள், அதாவது காலை, மாலை, இரவு, ஓய்வு. எல்லோருக்கும் வாரத்தில் இரண்டு ‘ஓ’ இருந்தன. பார்வைக்குச் சமமான பட்டியல்தான்.

ஒரு செவிலியரின் வரிசையில் 5-ஆம் தேதி ‘இ’, 6-ஆம் தேதி ‘ஓ’, 7-ஆம் தேதி ‘கா’ என்று இருந்தது. இரவு ஷிப்டு அது தொடங்கும் தேதியில் எழுதப்படுவதால், 5-ஆம் தேதி இரவு 11 மணிக்குத் தொடங்கிய வேலை 6-ஆம் தேதி காலை 7 மணிக்குத்தான் முடிகிறது. 7-ஆம் தேதி காலை 7 மணிக்கு அவர் மீண்டும் வார்டில் இருக்க வேண்டும். ‘ஓய்வு நாள்’ என்று தாள் சொல்வது சரியாக 24 மணி நேரம். அதில் பாதி, விழித்த இரவுக்கான உறக்கத்திலேயே போய்விடுகிறது. மறுநாள் காலை ஷிப்டுக்கு எழவேண்டும் என்பதால் அன்றிரவு சீக்கிரம் படுத்தாலும் பகலில் தூங்கியவருக்கு உறக்கம் வருவதில்லை. அதே பட்டியலில் இன்னொருவருக்கு 8-ஆம் தேதி ‘மா’, 9-ஆம் தேதி ‘கா’. இரவு 11 மணிக்கு வெளியேறி மறுநாள் காலை 7 மணிக்குத் திரும்ப வேண்டும். நடுவில் உள்ள எட்டு மணி நேரத்தில் போக்குவரத்து, உணவு, குளியல் போக உறக்கத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

செவிலியப் பணியாளர்களுக்கென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் வெளியிட்ட 157-ஆம் பரிந்துரை, இரண்டு ஷிப்டுகளுக்கு இடையே தொடர்ச்சியாகக் குறைந்தது 12 மணி நேரமும், வார ஓய்வாக இடையறாத 36 மணி நேரத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலைநேர ஆணை, நாள்தோறும் 11 மணி நேரத் தொடர் ஓய்வைக் கட்டாயமாக்குகிறது. எந்த நாட்டு விதி பொருந்தினாலும் சோதிக்கும் முறை ஒன்றே: தாளில் உள்ள எழுத்துகளை எண்ணக் கூடாது, ஒரு ஷிப்டு முடிந்த மணியிலிருந்து அடுத்தது தொடங்கும் மணி வரை கழித்துப் பார்த்து அந்த இடைவெளிகளை எழுத வேண்டும். இவ்வாறு செய்தபோது நான்கு வாரப் பட்டியல் ஒன்றில் மட்டும் எட்டு மணி நேர இடைவெளிகள் 23 வெளிவந்தன. அவற்றுள் ஒன்பது, பொறுப்புச் செவிலியர் போட்டவை அல்ல. பணியாளர்கள் தங்களுக்குள் ஷிப்டு மாற்றிக்கொண்டதால் ஏற்பட்டவை. தோழமையோடு செய்துகொள்ளும் மாற்றத்தை யாரும் குறை சொல்வதில்லை என்பதால் அது பரிசோதனைக்கும் தப்பிவிடுகிறது.

பட்டியல் மாலையிலிருந்து காலைக்கும் இரவிலிருந்து மாலைக்கும் பின்னோக்கிச் சுழன்றதே மீதியில் பெரும்பகுதிக்குக் காரணம். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழற்றினால், மாறும் நாளில் இடைவெளி தானாகவே ஒரு முழு நாளை ஒட்டி அமைந்துவிடுகிறது. பெரும்பாலோரின் உடற்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்டது என்பதால், உறங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது முன்னுக்கு இழுப்பதைவிட உடலுக்கு எளிது.

கையெழுத்துக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவில்

ஷிப்டு நேரங்கள் ஒன்று முடியும் நிமிடத்திலேயே மற்றொன்று தொடங்கும்படி அமைந்திருந்தன. ஆனால் நோயாளிகளை ஒப்படைக்காமல் எவரும் போக முடியாது. எந்தப் படுக்கையில் எந்த மருந்து எப்போது கொடுக்கப்பட்டது, யாருக்கு இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது, எந்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்று படுக்கை படுக்கையாகச் சொல்லி முடிக்கக் குறைந்தது இருபது நிமிடம் ஆகும். வருபவர் பத்து நிமிடம் முன்னதாக வருகிறார், போகிறவர் இருபது நிமிடம் பிந்திப் போகிறார். ஆண்டுக்கு 214 ஷிப்டுகளுக்கு இந்த அரைமணி நேரங்களைக் கூட்டினால் ஒருவருக்கு 107 மணி நேரம், பதின்மூன்று ஷிப்டுகளுக்கு மேல். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் 7.00, 3.00, 11.00 என்றே கையெழுத்திட்டிருந்ததால் இந்த நேரம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. மருந்து அலமாரியின் சாவிப் பதிவேட்டில்தான் உண்மை இருந்தது: சாவி கைமாறிய நேரங்கள் 3.18, 3.22, 3.25 என்று எழுதப்பட்டிருந்தன. வருகைப் பதிவேட்டில் நிமிடமே பிசகாத வட்டமான நேரங்களைக் கண்டால், பக்கத்தில் இருக்கும் வேறொரு பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

சராசரியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர் 16 வாரங்களில் 700 மணி நேரம் வேலை செய்திருந்தார். நிர்வாகம் 700-ஐ 16-ஆல் வகுத்து 43.75 என்றது, 48 என்ற வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் அந்தப் பதினாறில் இரண்டு வாரங்கள் அவர் ஈட்டுவிடுப்பில் இருந்தார். உழைத்த 14 வாரங்களால் வகுத்தால் 50. விடுப்பு வாரங்களைச் சராசரியில் சேர்க்கக் கூடாது, அல்லது அவை விளைவற்றதாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணை வெளிப்படையாகச் சொல்வது இதற்காகத்தான். இல்லையேல் ஓய்வெடுத்த நாட்களே, ஓய்வில்லாமல் உழைத்த நாட்களுக்கு மறைப்பாகிவிடும்.

மாற்றியமைத்த பட்டியல்

தீர்வு மூன்று இடங்களில் தொடங்கியது. முதலாவது, ஷிப்டுகளை 8 மணி 20 நிமிடமாக்கி 20 நிமிடம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி செய்தது: காலை 7.00 முதல் 3.20, மாலை 3.00 முதல் 11.20, இரவு 11.00 முதல் 7.20. ஒப்படைப்பு நேரம் இப்போது ஊதியத்துக்குள் வந்துவிட்டது. வாரத்துக்குக் கூடும் 1 மணி 40 நிமிடம், ஐந்து வாரங்களில் சரியாக 8 மணி 20 நிமிடமாகச் சேர்கிறது. ஆகவே ஐந்து வாரத்துக்கு ஒரு நாள் கூடுதல் ஓய்வு. இந்த ஓய்வையும் கணக்கில் சேர்த்தால் ஒருவர் பணியில் நிற்கும் நாட்கள் 204 ஆகக் குறைந்து, வார்டுக்குத் தேவை 21.5 பேராகிறது. படிகளையும் சேர்த்து மிகைநேரம் கணக்கிடுவது என்று முடிவானபின், நிர்வாகம் 21 பேர் வரை ஒப்புக்கொண்டது. மீதி 96 ஷிப்டுகள், வாரத்துக்கு இரண்டுக்கும் குறைவு. இதுவே உண்மையான மிகைநேரம் என்று நான் கருதுகிறேன். இதைப் பூச்சியமாக்க முயன்றால் சில வாரங்களில் ஆட்கள் வேலையின்றி நிற்பார்கள்.

இரண்டாவது, அந்த மீதியைப் பங்கிடும் முறை. முன்பு ஆள் குறைந்ததும், “சிஸ்டர், இன்றைக்கு ஒரு நைட் மட்டும் பார்த்துக்கொடுங்களேன்” என்ற அழைப்பு, விடுதியில் தங்கியிருப்பவருக்கும் மறுத்துப் பேசத் தெரியாதவருக்கும்தான் முதலில் போகும். இப்போது ஒரு பேரேடு வைக்கப்பட்டது. அதில் ஒருவர் செய்த மிகைநேரமும், அவருக்கு அளிக்கப்பட்டு அவர் மறுத்த மிகைநேரமும் இரண்டும் அவர் கணக்கில் ஏறும். யாருடைய மொத்தம் குறைவோ அவரையே முதலில் கேட்க வேண்டும். மறுத்தால் தண்டனையோ விளக்கமோ கிடையாது. பணம் தேவைப்படுபவருக்கு வாய்ப்பு முறைப்படி சுற்றி வரும். விரும்பாதவர் மறுத்துவிட்டுத் தம் முறை மீண்டும் வரும்வரை நிம்மதியாக இருக்கலாம். தொழிற்சங்க ஒப்பந்தங்கள் உள்ள தொழிற்சாலைகளில் நெடுநாள் பழகிய முறை இது. இதில் பிசகும் இடம் ஒன்று உண்டு: விடுப்பில் இருந்தவரையோ, 11 மணி நேர ஓய்வு முடியாதவரையோ அழைத்துவிட்டு அவர் மறுத்ததாக எழுதினால் பேரேடு பொய்யாகிவிடும். தகுதியில்லாதவரை அழைக்கவே கூடாது, அவர் கணக்கில் எதுவும் ஏறவும் கூடாது.

மூன்றாவது, டபுள் டூட்டி. இரவுக்கு வர வேண்டியவர் வராதபோது மாலைச் செவிலியரையே காலை 7 வரை நிறுத்தி வைப்பது வழக்கமாக இருந்தது. பதினாறு மணி நேரம் வேலை செய்தவர் அன்று பிற்பகல் 3 மணிக்கு மீண்டும் வந்து நின்ற பதிவுகளும் இருந்தன. மிகைநேரத்தையும் சேர்த்து ஒரு நாளின் வேலை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது மேலே சொன்ன 157-ஆம் பரிந்துரையின் வரம்பு. அந்த வரம்புக்குள் நிற்க, காலியான இரவை நடுவில் பிளந்தார்கள்: மாலைச் செவிலியர் அதிகாலை 3 மணி வரை நிற்பார், காலைச் செவிலியர் 3 மணிக்கே வருவார். முன்னவருக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை; பின்னவர் பிற்பகல் 3.20 வரை நிற்பதால் அவருக்கு இருபது நிமிடம் கூடும். முன்னவர் மறுநாள் பிற்பகல் 3 மணிக்குத் திரும்பினாலும் 12 மணி நேர ஓய்வு கிடைக்கிறது. பின்னவர் முந்தைய நாளும் காலை ஷிப்டு பார்த்திருந்தால், பிற்பகல் 3.20 முதல் அதிகாலை 3 வரை அவருக்கு 11 மணி 40 நிமிடம். ஐரோப்பிய அளவுக்குள் இது நிற்கிறது; பரிந்துரையின் 12-க்கு இருபது நிமிடம் குறைகிறது. அந்த இருபது நிமிடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று செவிலியர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேட்பு, ஆகவே வருகை 3.20 என்று திருத்தப்பட்டது. அதிகாலை மூன்று மணிக்கு வீட்டிலிருந்து வரவும் போகவும் மருத்துவமனை வண்டி கொடுக்காவிட்டால் இந்த ஏற்பாடு ஒரு நாளும் நடக்காது. வண்டியும் அதனால் விதியின் ஒரு பகுதியாகவே எழுதப்பட்டது.

இவற்றோடு பட்டியலை நான்கு வாரம் முன்கூட்டியே வெளியிடுவதும், தனியாக நிற்கும் ஒற்றை ‘ஓ’-வை இரவுக்குப் பின் வைக்காமல் இரண்டாகச் சேர்த்து வைப்பதும், தொடர் இரவுகளை மூன்றோடு நிறுத்துவதும் சேர்ந்தன. பரஸ்பர மாற்றங்கள் தடை செய்யப்படவில்லை. மாற்றிக்கொள்ளும் இருவருக்கும் மாற்றத்தின் முன்னும் பின்னும் 11 மணி நேரம் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடும் ஒரு தாள் மட்டும் வைக்கப்பட்டது.

தீராமல் நின்றது அந்த ஐவரின் வருமானம். வாரத்துக்கு 53 மணி நேரம் உழைத்துப் பழகியவர்களின் வீட்டுச் செலவும் கடன் தவணையும் அந்த மிகைநேரத்தை நம்பி அமைந்துவிட்டன. அது ஒரேயடியாக நின்றபோது, பாரபட்சம் என்று எழுதிக் கொடுத்தவர்களைவிட அவர்கள்தான் மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். போதாத அடிப்படை ஊதியத்தை உடலைக் கொடுத்து ஈடுகட்டியவர்கள் அவர்கள். புதிய நான்கு பேரும் ஒரே நாளில் சேராமல் ஆறு மாதங்களில் ஒவ்வொருவராகச் சேர்ந்ததால் வருமானம் படிப்படியாகவே குறைந்தது. இரவுப் படி உயர்த்தப்பட்டு, அதில் ஒரு பகுதி ஈடாயிற்று. இருவர் மட்டும் தொடர்ந்து இரவு பார்க்க விருப்பம் தெரிவித்தார்கள். 12 ஷிப்டுகளில் 3 இரவு என்பதால் நான்கு வாரத்தில் ஒருவர் பங்குக்கு ஐந்து இரவுகளே வர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிப்டு வேலையை 2007-இலும் மீண்டும் 2019-இலும் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் வைத்திருக்கும்போது, விருப்பக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு அந்தப் பங்கை இருமடங்காக்கலாமா என்பதில் குழுவுக்குள் உடன்பாடு வரவில்லை. நான்கு வாரத்துக்கு எட்டு இரவுகள், அரையாண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, எப்போது கேட்டாலும் விலகும் உரிமை என்ற நிபந்தனைகளோடு ஓராண்டுக்கு மட்டும் அது அனுமதிக்கப்பட்டிருக்கிறது.